பி.எம்.ஐ. 24, டெக்சாவில் கொழுப்பு 42%: பருமனா, ஊட்டக்குறைவா?

கொழிஞ்சாம்பாறை கிளினிக்குக்கு வரும் 62 வயது அம்மா. உயரம் 150 செ.மீ., எடை 54 கிலோ. மூணு வாரமா பாதிச் சாப்பாடுதான். உடலின் கொழுப்பு, தசை, எலும்பைத் தனித்தனியாக அளக்கும் டெக்சா ஸ்கேனில் கொழுப்பு 42%. இவங்களுக்குப் பருமனா, ஊட்டக்குறைவா?

இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். கொழுப்புச் சதவீதத்தை விட்டுவிட்டு, முதலில் கொழுப்பில்லா நிறையைப் பாருங்கள். 54 கிலோவில் கொழுப்பு 22.7 போனால் மீதி 31.3. அதை உயரத்தின் வர்க்கமான 2.25-ஆல் வகுத்தால் 13.9 வரும். பெண்களுக்கு 15-க்குக் கீழ் என்றால் குறைவு. இங்கே பலர் தவறுவது, அறிக்கையில் 'Lean' என்று இருக்கும் எண்ணை அப்படியே வகுப்பதில்தான். அதில் பெரும்பாலும் எலும்பு சேராது. எலும்புத் தாதுவின் எடையான 'BMC' எண்ணையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அடுத்து கை, கால் தசை மட்டும். நான்கையும் கூட்டி 11.7 கிலோ வந்தால், அதே 2.25-ஆல் வகுத்தபின் 5.2. ஆசியப் பெண்களுக்கு டெக்சாவில் எல்லை 5.4. ஆனால் காலை அழுத்திப் பார்க்காமல் இந்த எண்ணை நம்பாதீர்கள். வீக்க நீரை டெக்சா தசைக் கணக்கில்தான் சேர்க்கும். வீங்கிய காலோடு எடுத்தால் தசை நன்றாக இருப்பதுபோல் தெரியும். வீக்கம் வடிந்தபின் மறுபடி எடுங்கள்.

தசைக் குறைவோடு, இரண்டு வாரத்துக்கு மேல் உணவும் குறைந்திருப்பதால் ஊட்டக்குறைவு என்று சொல்லலாம். கொழுப்பு இடுப்புக்கு மேல் குவிந்து, வயிற்றுக் கொழுப்பை இடுப்பு, தொடைக் கொழுப்போடு ஒப்பிடும் 'A/G ratio' 1-ஐத் தாண்டினால் சர்க்கரையையும் ரத்தக் கொழுப்பையும் சோதியுங்கள். அதற்காக "எடையைக் குறைங்க" என்று சாப்பாட்டை வெட்டிவிட வேண்டாம். முதலில் போவது அந்தத் தசைதான்.