கார்டில் நாம் செய்யாத பரிவர்த்தனை: திங்கட்கிழமை வரை காத்திருக்கலாமா?

கேள்வி: நேத்து ராத்திரி என் டெபிட் கார்டில் இருந்து ஏதோ வெளிநாட்டு சைட்டுக்கு மூணு தடவை பணம் போயிருக்குதுன்னு மெசேஜ் வந்துச்சுங்க. ஓடிபி எதுவும் வரலை, கார்டும் என் கையிலயே தான் இருக்குது. இன்னைக்கு ரெண்டாவது சனி, பேங்க் லீவு. திங்கட்கிழமை பெருந்துறை பிராஞ்சுக்குப் போய்ச் சொன்னாப் போதுமா? பணம் திரும்பி வருமா?

பதில்:

சட்டப்படி பார்த்தால் திங்கட்கிழமை போதுங்க. ஆனால் அதுவரை காத்திருக்காதீங்க, இதைப் படித்து முடித்ததும் போனை எடுங்க. இரண்டையும் ஏன் சேர்த்துச் சொல்கிறேன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதலில் கார்டை நிறுத்துங்க. பேங்க் ஆப்பிலேயே கார்டை ஆஃப் செய்யும் வசதி இருக்கும், வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கென்று தனி சுவிட்சும் இருக்கும். அடுத்து, கார்டின் பின்பக்கம் அச்சடித்திருக்கும் எண்ணுக்குக் கூப்பிடுங்க. கூகுளில் பேங்க் பேர் போட்டு எண் தேடாதீங்க. அங்கே வருவதில் சில எண்கள், பேங்க் ஆள் மாதிரிப் பேசி மிச்சப் பணத்தையும் உருவுகிற கூட்டத்துடையதாக இருக்கும். பேங்க் லீவாக இருந்தாலும் இந்தப் புகார் எண் இருபத்து நாலு மணி நேரமும் எடுக்க வேண்டும், அது ரிசர்வ் வங்கி விதி.

போனில் பேசும்போது "கார்டை பிளாக் பண்ணுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைக்காதீங்க. எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான். கார்டை பிளாக் செய்வது ஒரு கோரிக்கை, "இந்த மூணு பரிவர்த்தனையும் நான் செய்யவில்லை" என்று புகார் பதிவது வேறு கோரிக்கை. பேங்க் கம்ப்யூட்டரில் இரண்டும் தனித்தனி. முதலாவதை மட்டும் கேட்டால் கார்டை நிறுத்தி, புதுக் கார்டு அனுப்பி, கோரிக்கை முடிந்தது என்று மூடிவிடுவார்கள். போன பணத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதனால் மூன்றின் தொகையையும் நேரத்தையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, புகார் எண் கேட்டு வாங்குங்க. உடனே அதே விஷயத்தை எழுத்திலும் பேங்குக்கு மெயிலில் அனுப்பிவிடுங்க: எந்தக் கணக்கு, கார்டின் கடைசி நாலு எண், எந்தெந்தத் தொகை, மெசேஜ் எத்தனை மணிக்கு வந்தது, கார்டு என்னிடமே இருக்கிறது, ஓடிபி வரவில்லை, யாரிடமும் எதுவும் பகிரவில்லை, இத்தனை மணிக்குப் போனில் சொல்லிவிட்டேன், புகார் எண் இது. ஐந்தாறு வரி போதும். மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்துவிடுங்க.

சரி, இப்போது நாள் கணக்கு. 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது, வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடக்கும் மின்னணுப் பரிவர்த்தனையில் யார் எவ்வளவு நஷ்டம் தாங்குவது என்று. அதில் உங்க நிலைமை, தப்பு பேங்கிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கேயோ கார்டு விவரம் கசிந்திருக்கிறது என்பது. வெளிநாட்டு சைட்டுகள் பலவற்றில் ஓடிபி கேட்கும் பழக்கமே கிடையாது, கார்டு எண்ணும் பின்னால் இருக்கும் மூணு இலக்கமும் தெரிந்தால் போதும். இந்த வகையில் பேங்கின் தகவல் கிடைத்த நாளில் இருந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் உங்க நஷ்டம் சுழியம். நாலு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் ஒரு வரம்பு வரை நீங்க தாங்க வேண்டும். ஏழும் தாண்டிவிட்டால் பேங்கின் நிர்வாகக் குழு வகுத்து வைத்திருக்கும் கொள்கைப்படி, அதாவது அவர்கள் மனசு போல.

வேலை நாள் என்பது உங்க கணக்கு இருக்கிற பிராஞ்சின் வேலை நாள். தகவல் வந்த நாளைச் சேர்க்கக் கூடாது. உங்களுக்கு மெசேஜ் வந்தது வெள்ளி ராத்திரி, அது கணக்கில் இல்லை. ரெண்டாவது சனி, ஞாயிறு இல்லை. திங்கள் ஒன்று, செவ்வாய் ரெண்டு, புதன் மூன்று. புதன்கிழமை வரை நீங்க பத்திரமான இடத்தில்தான் இருக்கீங்க. இதே பொங்கல் சமயத்தில் நடந்திருந்தால் இன்னும் நீளும்.

நாலாவது நாள் ஆனால் எவ்வளவு போகும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மூன்று பரிவர்த்தனைகள் 9,400, 14,200, 22,900 என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 46,500 ரூபாய். சாதாரண சேமிப்புக் கணக்குக்கு வரம்பு 10,000 ரூபாய். பல பேர் "அப்ப பத்தாயிரம் தானே போகும்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த வரம்பு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனித்தனிங்க. பத்தாயிரம் அல்லது பரிவர்த்தனைத் தொகை, எது குறைவோ அது. ஆக 9,400 முழுசாக உங்க தலையில், மற்ற இரண்டிலும் பத்துப் பத்தாயிரம், மொத்தம் 29,400 உங்களுடையது. பேங்க் தருவது 17,100 மட்டும். புதன் சாயங்காலம் சொல்வதற்கும் வியாழன் காலையில் சொல்வதற்கும் வித்தியாசம் கிட்டத்தட்ட முப்பதாயிரம். ஜன்தன் மாதிரி அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு வரம்பு 5,000. ஐந்து லட்சத்துக்கு மேல் லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு 25,000, அதற்குக் கீழே என்றால் சேமிப்புக் கணக்கு மாதிரியே 10,000.

புதன் வரை டைம் இருக்கும்போது இப்பவே ஏன் கூப்பிட வேண்டும்? இந்த மூணு நாள் சலுகை, உங்க பக்கம் கவனக்குறைவு இல்லை என்றால்தான். நீங்களோ வீட்டில் யாராவதோ ஓடிபியோ பின்னோ யாரிடமாவது சொல்லியிருந்தால் கணக்கே வேறு: பேங்குக்குச் சொல்லும் நிமிஷம் வரை போனது முழுக்க உங்க நஷ்டம், சொன்னபிறகு போவதெல்லாம் பேங்க் நஷ்டம். அங்கே நாள் கிடையாது, மணியும் நிமிஷமும்தான். உங்க கேஸ் எந்தப் பக்கம் விழும் என்று பேங்க் பிறகுதான் முடிவு செய்யும். அதற்கு முன்பே நீங்க சொல்லியிருந்தால் எந்தப் பக்கம் விழுந்தாலும் அடி குறைவு. வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு பேங்குடையது என்று அதே சுற்றறிக்கையில் தெளிவாகவே இருக்கிறது. "ஓடிபி நீங்க குடுத்திருப்பீங்க" என்று வாய் வார்த்தையில் தட்டிக்கழித்தால் எழுத்தில் தரச் சொல்லுங்க.

எங்க மாமாவுக்கு, அக்கா வீட்டுக்காரர், காங்கேயத்தில் தேங்காய் வியாபாரம், இதே மாதிரி நடந்தது. மறுநாளே போன் செய்து கார்டை பிளாக் பண்ணிவிட்டு, புதுக் கார்டும் வந்து, பணம் தானாகத் திரும்பும் என்று காத்திருந்தார். கடைசியில் பிராஞ்சுக்குப் போய்க் கேட்டால் புகாரே பதிவாகவில்லை, ஏழு வேலை நாள் தாண்டிவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். "ஏன் மாப்ள, அன்னைக்கே சொன்னேனே, அது கணக்கில்லையா?" என்று என்னிடம் கேட்டார். கணக்குத்தான் மாமா என்று, அந்தப் போன் அழைப்பின் பதிவை எடுத்துப் பார்க்கச் சொல்லி எழுதினோம். பேங்க் மெசேஜ் அனுப்பிய நேரம், வாடிக்கையாளர் பதில் சொன்ன நேரம் இரண்டையும் அவர்கள் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது விதி. பதிவில் மாமா "இது நான் பண்ணலைங்க" என்று சொல்வது தெளிவாக இருந்ததால் அந்த நாளையே புகார் நாளாக எடுத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியம் சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

புகார் ஏறிய பிறகு, பத்து வேலை நாளுக்குள் போன தொகையை பேங்க் உங்க கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், அதுவும் பணம் போன தேதியிட்டு, வட்டி நஷ்டம் வராத மாதிரி. இது முடிவான பணம் அல்ல. விசாரணையில் உங்க மேல் பொறுப்பு என்று வந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், அதனால் அதை நம்பி கடனுக்கோ தவணைக்கோ செக் போட்டுவிடாதீங்க. தொண்ணூறு நாளுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். முடியவில்லை என்றால், மேலே சொன்ன வரம்புப்படி உங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும்.

சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் கூப்பிடுங்க, அல்லது cybercrime.gov.in-ல் பதியுங்க. பணம் உள்ளூர்க் கணக்குகளுக்குப் போயிருந்தால் அங்கேயே முடக்கிவைக்க இதுதான் வழி. உங்க கேஸில் வெளிநாட்டுக் கடை என்பதால் முடக்க வாய்ப்பு குறைவு, பணத்தைக் கார்டு நிறுவனம் வழியாகத்தான் பேங்க் திரும்பக் கேட்கும். ஆனாலும் அந்தப் புகார் ரசீது கையில் இருந்தால் நல்லது, பிராஞ்சில் எப்படியும் கேட்பார்கள்.

ஒரு சின்ன விஷயம், கூப்பிடும் முன் வீட்டில் ஒரு தடவை கேட்டுக்குங்க. பையன் ஏதாவது ஆப்புக்கு மாதச் சந்தா போட்டு, அது வேறு கம்பெனி பேரில் மெசேஜாக வருவது உண்டு. நாமே ஒப்புக்கொண்ட சந்தா என்றால் இந்த விதி எதுவும் பொருந்தாது, அந்தக் கம்பெனியிடம்தான் ரத்து செய்து பணம் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை பிராஞ்சுக்கும் போங்க, ஆனால் சொல்வதற்கு இல்லை, ஏற்கெனவே சொன்னதன் நகலைக் கொடுத்து சீல் வைத்து வாங்குவதற்கு. தகராறு படிவம் ஒன்று தருவார்கள், மூன்று பரிவர்த்தனையையும் தனித்தனியாக அதில் எழுதுங்க. முப்பது நாளில் பதில் வரவில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in-ல் போடலாம், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். அங்கேயும் முதலில் கேட்பது பேங்குக்கு எப்போது எழுதினீங்க என்பதைத்தான், அதற்கு இன்று அனுப்பும் மெயிலை இணைத்தால் போதுங்க.