ஐஆர், என்எம்ஆர் வைத்து எஸ்டரைக் கண்டுபிடிப்பது

கேள்வி: செய்முறைத் தேர்வில் C4H8O2 என்று கொடுத்து இரண்டு வரைபடங்களும் தந்தார்கள். எத்தில் அசிட்டேட்டா, மெத்தில் புரொப்பனோயேட்டா என்று எப்படிப் பிரிப்பது?

முதலில் ஐஆர். 1740 செ.மீ⁻¹ அருகே வலுவான உச்சி இருக்கிறது, 2500 முதல் 3300 வரை பரவும் அகன்ற O–H பட்டை இல்லை என்றால் அது அமிலமில்லை, எஸ்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த எஸ்டர் என்பதை என்எம்ஆரிடம்தான் கேட்க வேண்டும்.

பலர் சறுக்குவது அங்கேதான். இரண்டு சேர்மத்துக்கும் 3H ஒற்றை உச்சி, 2H நான்குமுனை உச்சி, 3H மும்முனை உச்சி என்றே வரும். பிளவையும் பரப்பையும் மட்டும் பார்த்தால் பிரிக்கவே முடியாது. உச்சி எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஆக்சிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால், அதை ஒட்டிய தொகுதி இடப்பக்கம் தள்ளிப்போகும்.

நான்குமுனை 4.1 பிபிஎம்மிலும் ஒற்றை 2.0-லும் இருந்தால் ஆக்சிஜனை ஒட்டியது CH2, அதாவது எத்தில் அசிட்டேட். ஒற்றை 3.7-லும் நான்குமுனை 2.3-லும் இருந்தால் மெத்தில் புரொப்பனோயேட்.

அப்புறம், 7.26-ல் சின்ன உச்சி தெரிந்தால் பென்சீன் வளையம் என்று எழுதிவிடாதீர்கள். கரைப்பானான CDCl3-இல் மிஞ்சியிருக்கும் குளோரோஃபார்ம் அது.