மூன்று மாதத்துக்கு ஒருமுறை விலை பார்ப்பது எப்படி? சுங்கை சிப்புட் வியாபாரிகளின் கேள்விகள்

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதித் தருகிறேன். சரக்கு விலை மாதாமாதம் ஏறுவதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். முதல் கேள்விக்குத்தான் நீண்ட பதில். மற்றவை அதிலிருந்து கிளைத்தவை.

முறுக்கு சுட்டுக் கடைகளுக்குப் போடுபவர்: அக்கா, மாவு, எண்ணெய், உளுந்து எல்லாம் பத்துக் காசு, இருபது காசு என்று ஏறுது. ஒரேயடியா ஏறினா நானும் ஏத்திடுவேன். இப்படி ஊர்ந்து ஏறினா எப்போ ஏத்துறது? ரசீது எல்லாம் அனுப்பியிருக்கேன்.

நாளை முன்கூட்டியே குறித்துவிடுங்கள் தங்கச்சி. ஜனவரி, ஏப்ரல், ஜூலை மாதங்களின் முதல் திங்கட்கிழமை. நான்காவது முறையை மட்டும் அக்டோபரில் வைக்காமல் செப்டம்பருக்கு முன்னே தள்ளுங்கள், அதன் காரணம் கீழே வருகிறது. அந்த நாளில் விலையை ஏற்றியே தீர வேண்டும் என்பதில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தே தீர வேண்டும், அவ்வளவுதான். எண்ணெய் இருபது காசு ஏறிய நாளில் யாரும் விலைப் பட்டியலை மாற்ற மாட்டார்கள். அடுத்த மாதம் உளுந்து ஏறும்போதும் அப்படித்தான் விட்டுவிடுவோம். நாள் குறிக்காவிட்டால் அந்தக் கணக்கு நடக்கவே நடக்காது.

உங்கள் ரசீதுகளை வைத்து 100 பாக்கெட்டுக்கு, அதாவது 20 கிலோ முறுக்குக்கு, கணக்குப் போட்டேன். ஜனவரியில் அரிசி மாவு 11 கிலோ, கிலோ 4 வெள்ளி. உளுந்து மாவு 3 கிலோ, கிலோ 9 வெள்ளி. எண்ணெய் 6 கிலோ, கிலோ 6 வெள்ளி. ஓமம், எள்ளு, வெண்ணெய், உப்பு எல்லாம் சேர்த்து 13 வெள்ளி. கேஸ் 10, பையும் லேபிளும் 20. ஆக மொத்தம் 150 வெள்ளி. கூலி, வாடகை, வேன் செலவு 190. அப்படியானால் ஒரு பாக்கெட்டின் அடக்கம் 3 வெள்ளி 40 காசு. கடைக்கு 4.20க்குக் கொடுக்கிறீர்கள், கையில் நிற்பது 80 காசு.

ஏப்ரல் ரசீதில் அரிசி மாவு 4.20, உளுந்து மாவு 10.20, எண்ணெய் 6.90. மசாலாச் சாமான் 80 காசு கூடியிருக்கிறது, பை 2 வெள்ளி கூடியிருக்கிறது. எல்லாம் சேர்ந்து 100 பாக்கெட்டுக்கு 14 வெள்ளி, பாக்கெட்டுக்கு 14 காசு. உங்கள் 80 காசு இப்போது 66 காசு. மாதம் 3,000 பாக்கெட் போடுகிறீர்கள் என்றால் 420 வெள்ளி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது.

இதில் இன்னொன்றையும் பாருங்கள். ஏறிய 14 வெள்ளியில் 5.40 எண்ணெயால் வந்தது, 3.60 உளுந்தால் வந்தது. உளுந்து கிலோவுக்கு 1.20 ஏறியதுதான் உங்கள் கண்ணில் பட்டது. ஆனால் அதிகம் தின்றது எண்ணெய்தான், ஏனென்றால் உங்களுக்கு ஆகும் அளவு இரு மடங்கு. அதனால் கிலோ விலையை மட்டும் பார்க்காமல் 100 பாக்கெட்டுக்கு எவ்வளவு ஆகிறது என்று ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணெயில் சட்டியில் மிஞ்சியதையும் கழித்துக் கொட்டியதையும் சேர்த்து, எத்தனை டின் வாங்கி எத்தனை பாக்கெட் போட்டீர்கள் என்றே பாருங்கள். குறிப்புப் புத்தகத்தில் உள்ள அளவும் டின் காலியாகும் அளவும் பெரும்பாலும் ஒத்துப் போகாது.

தாளில் கூலிக் கணக்கை ஒவ்வொரு முறையும் தொட வேண்டியதில்லை. அது சட்டம் மாறும்போது ஒரே தாவலாக மாறும். குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனது அப்படித்தான்.

மளிகைக் கடை அண்ணன்: இதுக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு? சாமான் 9 விழுக்காடு ஏறினா நம்ம விலையையும் 9 விழுக்காடு ஏத்திட வேண்டியதுதானே. நான் அப்படித்தான் செய்யுறேன்.

உங்கள் கடைக்கு அது ஏறக்குறைய சரிதான் அண்ணே. வாங்கி அப்படியே விற்கிறீர்கள், உங்கள் செலவில் பெரும்பங்கு சாமான்தான். தங்கச்சிக்கு அது பொருந்தாது. சாமான் 150லிருந்து 164 ஆனது 9 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். ஆனால் மொத்த அடக்கம் 340லிருந்து 354 ஆனது 4 விழுக்காடுதான், கூலியும் வாடகையும் அசையவில்லை. 4.20ஐ 9 விழுக்காடு ஏற்றினால் 4.58 வரும். 14 காசு செலவுக்கு 38 காசு கேட்பதாகிவிடும்.

அது நியாயமா என்பதோடு சட்டமும் இருக்கிறது. 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2018 விதிமுறைகள், ஆண்டின் முதல் நாளில் அடக்கத்தின் மேல் எத்தனை விழுக்காடு வைத்து விற்றீர்கள் என்பதைப் பின்னர் வைத்திருக்கும் விழுக்காட்டோடு ஒப்பிடுகின்றன. தங்கச்சி ஜனவரியில் வைத்தது 23.5 விழுக்காடு. 4.58க்கு விற்றால் அது 29க்கு மேல் போய்விடும். 4.35 என்றால் 23க்குள் நிற்கும், பாக்கெட்டுக்கு 81 காசும் திரும்பக் கிடைக்கும். அதனால்தான் ஜனவரித் தாளையும் அந்த மாத ரசீதுகளையும் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். அமலாக்க அதிகாரி வந்து கேட்டால் காட்டுவதற்கு அதுதான் இருக்கும்.

முறுக்கு சுடுபவர்: 4.35 வச்சாலும் மே, ஜூன்ல சாமான் இன்னும் ஏறுமே அக்கா. ஜூலை வர்றதுக்குள்ள மறுபடியும் குறைஞ்சிடாதா?

குறையும். மாதம் ஏறக்குறைய 5 காசு வேகத்தில் ஏறினால் ஜூன் கடைசியில் 14 காசு மறுபடி போயிருக்கும். மூன்று மாதத்துக்கும் சராசரியாகப் பார்த்தால் பாக்கெட்டுக்கு 7 காசு. சிலர் அந்த 7 காசையும் இப்போதே சேர்த்து ஏறக்குறைய 4.40 வைக்கச் சொல்வார்கள். கணக்குப்படி அது சரி. ஆனால் ஏப்ரல் மாதத்தில் உங்கள் விழுக்காடு 24ஐத் தாண்டி ஜனவரி அளவுக்கு மேலே போய்விடும், எண்ணெய் இறங்கினால் விளக்கம் சொல்ல வழியில்லை. நான் 4.35லேயே நிறுத்துவேன். ஏற்றம் வேகமாக இருக்கிற வருடத்தில் மூன்று மாத இடைவெளியை இரண்டு மாதமாக்குவேன்.

நடுவில் ஒரு விதிவிலக்கும் வேண்டும். 2022இல் கச்சாப் பாமாயில் டன்னுக்கு 7,000 வெள்ளியைத் தாண்டியது, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா ஏற்றுமதியையே நிறுத்தியது. அந்த மாதிரி நேரத்தில் குறித்த நாளுக்காகக் காத்திருந்தால் நஷ்டம்தான். எண்ணெய் ஒன்று மட்டும் போன தாளில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு ஏறினால், அன்றே தாளை எடுப்பது என்று எழுதி வையுங்கள்.

மசாலை மில் வைத்திருப்பவர்: மிளகாய் விலை குறைஞ்சப்போ நாலு மாசத்துக்கு வாங்கிப் போட்டேன். இன்னும் மூட்டை இருக்கு. நான் ஏன் விலை ஏத்தணும்?

இப்போது ஏற்ற வேண்டாம், ஆனால் தாளைப் போடுங்கள். அடுத்த மூட்டையை இன்று வாங்கினால் என்ன விலையோ அதை வைத்து ஒரு கணக்கு, கையிலுள்ள சரக்கின் ரசீது விலையை வைத்து இன்னொரு கணக்கு. பழைய மூட்டை தீரும் தேதியைப் பக்கத்தில் குறியுங்கள். புது விலை அந்தத் தேதியில் தொடங்கட்டும். இதைச் செய்யாதவர்கள் மலிவுச் சரக்கை விற்ற காசை எடுத்துக்கொண்டு வாங்கப் போனால், அதில் முக்கால் மூட்டைதான் வரும். அந்தக் கால் மூட்டைக்கான பணம் எங்கே போனது என்று என்னிடம் கேட்பார்கள்.

தோட்டத்து முச்சந்தியில் ரொட்டி சானாய்க் கடை: எங்க ஆளுங்க 555 புத்தகத்துல கடன் எழுதிச் சாப்பிடுறவங்க. பத்துக் காசு ஏத்தினாலும் சண்டை. அப்புறம் 2.50 பாக்கெட் எண்ணெய் வாங்கிச் சமாளிக்கலாமா?

அந்த 1 கிலோ பாக்கெட் எண்ணெய் வீட்டுக்காக அரசாங்கம் மானியம் கொடுப்பது. கடையில் பயன்படுத்துவது குற்றம், பிடிபட்டால் அபராதம் பல மாத லாபத்தைத் தின்றுவிடும். உங்கள் அடக்கக் கணக்கிலும் அது இருக்கக் கூடாது.

புத்தகக் கடனுக்குத் தேதிதான் மருந்து. சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிடும். கடன் அடைந்து புதுப் பக்கம் திறக்கும்போது புது விலை தொடங்கட்டும், ஒரு பக்கத்துக்குள் இரண்டு விலை இருக்கக் கூடாது. இரண்டு வாரத்துக்கு முன்பே பலகையில் எழுதிப் போடுங்கள். உங்களுக்குப் பத்துக் காசுக்குக் குறைவாக ஏற்ற முடியாது, அதனால் தாளில் 4 காசு வந்தால் அதைச் சுமந்துகொண்டு அடுத்த முறைக் கணக்கில் சேருங்கள். எல்லாப் பண்டத்தையும் ஒன்றாக ஏற்ற வேண்டாம். ரொட்டி கோசோங்கைக் கடைசியில் தொடுங்கள், அதன் விலையைத்தான் எல்லாரும் மனதில் வைத்திருப்பார்கள்.

கல்யாணச் சமையல் எடுப்பவர்: மளிகைக்காரர் எனக்கு மாசாமாசம் ஏத்துறார். அவரை எப்படி நிறுத்துறது?

அவரை நிறுத்த முடியாது. உங்கள் பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது: ஆகஸ்டில் தலைக்கு இவ்வளவு என்று வாக்குக் கொடுத்துவிட்டு டிசம்பரில் சமைக்கிறீர்கள். விலைச் சீட்டில் "30 நாள் வரை செல்லும்" என்று எழுதுங்கள். அதற்குள் முன்பணம் கட்டினால் அரிசி, பருப்பு, எண்ணெயை அந்தப் பணத்தில் வாங்கி வையுங்கள். கோழி, காய்கறியை மட்டும் கல்யாண வாரத்து விலைக்கு என்று தனியாக எழுதலாம். பழகிய குடும்பம் இதற்கு ஒத்துக்கொள்ளுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

முறுக்கு சுடுபவர்: கடைக்காரங்க பாக்கெட்டை 5 வெள்ளிக்குத்தான் விப்போம், 5.20 ஆகாதுங்கிறாங்க. 190 கிராமா குறைச்சிடவா? தீபாவளிக்கு ஏத்திக்கலாமா?

10 கிராம் குறைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது 6 காசு 7 காசுதான். சுடும் கூலி குறையாது, பை அதேதான். லேபிளில் 190 என்று மாற்றி அச்சடிக்க வேண்டும், 200 என்று எழுதி 190 போடுவது குற்றம். 14 காசுக்கு ஈடாக வேண்டுமானால் 180க்கு இறக்க வேண்டியிருக்கும், அது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். கடைக்கு 80 காசு நின்ற இடத்தில் இனி 65 காசு நிற்கும், அவர்கள் மறுப்பது அதனால்தான். 5 வெள்ளியை அவர்கள் தொடாத வரைக்கும் அந்த 15 காசை ஆளுக்குப் பாதியாகச் சுமக்கக் கேட்டுப் பாருங்கள், அதாவது 4.27 அல்லது 4.28. ஜூலைத் தாளோடு 5.50க்குப் போவதைப் பேசலாம், அப்போது இருவருக்கும் இடம் கிடைக்கும்.

தீபாவளி விஷயத்தில் நீங்களும் நானும் ஒத்துப் போகவில்லை. லாபம் பார்ப்பதே அந்த ஒரு மாதம்தான் என்கிறீர்கள், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஆர்டர் எல்லாம் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே வந்துவிடுகிறது. அக்டோபரில் தாளைப் போட்டால் பேசிய விலையை மாற்ற வேண்டி வரும், அதனால்தான் நான்காவது நாளை செப்டம்பர் முதல் வாரத்துக்கு நகர்த்தச் சொன்னேன். பண்டிகைக்கால உச்சவரம்பு விலையில் உங்களுக்கு வேண்டிய சாமான் ஏதாவது வந்தால் அந்த வாரம் மலிவாகக் கிடைக்கும், அதை நம்பித் தாளைப் போடாதீர்கள், பண்டிகை முடிந்ததும் அந்த விலை போய்விடும். போன வருட அக்டோபர் ரசீதையும் அனுப்புங்கள், சீசனில் கூடுதல் கூலி எவ்வளவு போனது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.