பரிசு தருகிறேன் என்பவர் அடுத்து என்ன கேட்பார்?

கேள்வி: முன்பின் தெரியாதவர்கள் இணையத்தில் எளிதில் பணம், மாடலிங் வாய்ப்பு, கேம் பரிசு என்று ஆசை காட்டுவதைப் பற்றி ஒன்பதாம் வகுப்பில் 10 நிமிடம் பேச வேண்டும். “தெரியாதவர்களிடம் பேசாதீர்கள்” என்றால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். எப்படிப் பேசுவது?

பதில்: அவர்கள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. கேமில் உடன் ஆடும் எல்லாருமே முதல் நாள் தெரியாதவர்கள்தான். சில வாரம் சேர்ந்து ஆடியபின் அந்த ஆள் பிள்ளைக்கு “அண்ணா” ஆகிவிடுகிறார். ஆகவே அவர் யார் என்பதை விட்டுவிட்டு, என்ன கேட்கிறார், எந்த வரிசையில் கேட்கிறார் என்பதைக் காட்டுங்கள். ஒரே ஒரு உரையாடலைக் கரும்பலகையில் எழுதினால் போதும்.

மாடலிங் ஆசையை எடுத்துக்கொள்வோம். 14 வயது மாணவிக்கு இன்ஸ்டாகிராமில் செய்தி வருகிறது: “உங்கள் முகம் எங்கள் ஆடை விளம்பரத்துக்குப் பொருத்தமாக இருக்கிறது. ஒரு நாளுக்கு 5,000 ரூபாய்.” அடுத்தது: “டெலிகிராமுக்கு வாருங்கள், அங்கேதான் தேர்வு.” பிறகு பள்ளிச் சீருடையில் ஒரு படம் கேட்கிறார்கள், அனுப்பியதும் பாராட்டு வருகிறது. அதன்பின், “அளவு பார்க்க வேண்டும், உடை குறைத்து ஒரு படம். முடிவு தெரியும்வரை வீட்டில் சொல்லாதீர்கள்.” படம் போன அடுத்த நிமிடமே குரல் மாறிவிடும்: “10,000 ரூபாய் அனுப்பு, இல்லையென்றால் உன் தோழிகளுக்கெல்லாம் இது போகும்.”

ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, “இப்போது என்ன மாறியது?” என்று வகுப்பையே கேளுங்கள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். பொது இடத்திலிருந்து தனி இடத்துக்கு இழுக்கிறார், சின்னதாகக் கேட்டுப் பழக்குகிறார், வீட்டுக்குத் தெரியக் கூடாது என்கிறார். நேர்மையான விளம்பர நிறுவனம் சிறுவரைத் தேர்ந்தெடுத்தால் முதலில் பெற்றோரிடம்தான் பேசும். உடை அளவை டேப்பால் எடுப்பார்கள். அதற்கு அரைகுறைப் படம் தேவையே இல்லை. மாணவிகளோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பெண்ணின் படத்தை முகப்பில் வைத்துப் பேசி, மாணவர்களிடம் படம் வாங்கி மிரட்டுவதும் நிறைய நடக்கிறது.

கேம் பரிசிலும் இதே வரிசைதான். முதலில் கேமில் செலவழிக்கும் டைமண்ட் சில உண்மையாகவே கணக்கில் ஏறும். நம்பிக்கை வாங்க அந்த ஆள் போடும் முதலீடு அது. பிறகு, பரிசு வர அம்மாவின் போனுக்கு வந்த ஓடிபியைச் சொல், அல்லது யுபிஐ பின்னைப் போடு என்பார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் ஒருபோதும் தேவைப்படாது. பின் கேட்டால் நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்று பொருள். எளிதில் பணம் என்ற ஆசையில் பலர் அறியாதது வங்கிக் கணக்கு வாடகை. “உன் கணக்குக்கு 20,000 ரூபாய் வரும், 2,000 எடுத்துக்கொண்டு மீதியை நான் சொல்லும் கணக்குக்கு அனுப்பு” என்பார்கள். வருவது வேறு யாரிடமோ ஏமாற்றிப் பறித்த பணம். பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்ததும் முடக்கப்படுவது இந்த மாணவரின் கணக்கு. உதவித்தொகை வரும் கணக்காக இருந்தால் அதுவும் சிக்கிக்கொள்ளும். காவல்துறை முதலில் தேடி வருவதும் அவர் வீட்டுக்குத்தான்.

கடைசி 3 நிமிடத்தை ஏற்கெனவே மாட்டிக்கொண்ட பிள்ளைக்காக ஒதுக்குங்கள். வகுப்பில் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். “நீ செய்தது குற்றமில்லை, மிரட்டுகிறவர் செய்வதுதான் குற்றம்” என்று நேரடியாகச் சொல்லுங்கள். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும். உரையாடலை அழிக்காமல், அந்த ஆளின் பயனர் பெயர், மிரட்டல் வரிகள், யுபிஐ முகவரி ஆகியவற்றைப் பதிவு செய்துகொண்டு, அதன் பிறகே பிளாக் செய்ய வேண்டும். பணம் போயிருந்தால் இணையப் பண மோசடிக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். சீக்கிரம் அழைத்தால் வழியிலேயே பணத்தை நிறுத்தும் வாய்ப்பு உண்டு. படம் தொடர்பான புகாரை அரசின் cybercrime.gov.in தளத்தில் பெயர் சொல்லாமலும் கொடுக்கலாம். பேசத் துணை வேண்டுமென்றால் சிறுவர் உதவி எண் 1098.

படம் பரவும் என்று அஞ்சும் 18 வயதுக்குட்பட்டவருக்கு takeitdown.ncmec.org தளம் உதவும். படம் போனிலிருந்து வெளியே போகாது. அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்களுக்குப் போய், அங்கே அந்தப் படம் ஏறினால் கண்டுபிடித்து நீக்க உதவுகிறது. மறையாக்கம் செய்யப்பட்ட தனிச் செய்திகளுக்குள் இருப்பதை இது எட்டாது.

உங்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். பிள்ளை உங்களிடம் வந்தால் “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போக்சோ சட்டப்படி, இத்தகைய குற்றம் நடந்தது தெரியவந்தவர் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும். “உன்னைக் கேட்காமல் வகுப்பிலோ ஆசிரியர் அறையிலோ பேசமாட்டேன், உதவி செய்ய வேண்டியவர்களிடம் மட்டும் உன்னோடு சேர்ந்து சொல்வோம்” என்பது நீங்கள் காப்பாற்றக்கூடிய வாக்கு. இன்னொன்று, ஆதாரத்துக்காக என்றாலும் அந்தப் படத்தை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். சிறுவரின் அத்தகைய படத்தை அனுப்புவதும் சேகரிப்பதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் வரும். படம் பிள்ளையின் போனிலேயே இருக்கட்டும். காவல்துறை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்.