முக்கும்போது வெளியே வருவது: மகனுக்கு ஒரு வழி, மாமியாருக்கு வேறு வழி

“என் 3 வயது மகனுக்கு (13 கிலோ) ஐந்து மாதமாக மலச்சிக்கல். இரண்டு வாரமாக, முக்கும்போது ஆசனவாயில் சிவப்பாகச் சதை வெளியே வருகிறது, எழுந்ததும் தானே உள்ளே போய்விடுகிறது. 70 வயது மாமியாருக்கும் பல வருடமாக இப்படி வருகிறது. அவர் மூலம் என்கிறார். இரண்டு பேருக்கும் ஆபரேஷன் செய்ய வேண்டுமா?” – வாசகி, பெரம்பூர்

மகனுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. மாமியாருக்கு வெளியே வருவது மலக்குடல்தான் என்று உறுதியானால், பெரும்பாலும் தேவைப்படும்.

சின்னக் குழந்தைகளுக்கு முதுகெலும்பின் அடிப்பகுதி இன்னும் வளையாமல் நேராக இருக்கும். அதனால் மலக்குடலும் நேர்க்குழாய் மாதிரி நிற்கும். உள்சவ்வும் சுவரோடு இறுக ஒட்டியிருக்காது. முக்கினால் எளிதில் வழுக்கி வெளியே வந்துவிடும். வளர வளர எலும்பு வளைந்து, சவ்வும் பிடிமானம் பெறும். அதுவரை அவன் முக்காமல் பார்த்துக்கொள்வதே சிகிச்சை.

அடுத்த முறை வெளியே வரும்போது போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மருத்துவர் பார்க்கும் நேரத்தில் அது உள்ளே போயிருக்கும். வளையம் வளையமாக மடிப்பு தெரிந்தால் மலக்குடலின் முழுச் சுவரும் இறங்கியிருக்கிறது. செர்ரிப் பழம் போல ஒரே ஒரு உருண்டை என்றால் அது பாலிப் எனும் சதை வளர்ச்சியாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு.

வீட்டில் பலர் தவறுவது மலச்சிக்கல் மருந்தில்தான். பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரைக் குழந்தைகளுக்குத் தினமும் கிலோவுக்கு 0.4 முதல் 0.8 கிராம் வரை தருவது வழக்கம். உங்கள் மகனுக்கு அது 5 முதல் 10 கிராம். ஆனால் குடலில் ஏற்கெனவே கெட்டி மலம் அடைத்திருந்தால் இந்த அளவு போதாது. முதல் சில நாள் கூடுதல் அளவு கொடுத்து அடைப்பை எடுக்க வேண்டும். ஜட்டியில் தண்ணீராகக் கசிவதைப் பேதி என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். அடைப்பைச் சுற்றி வழியும் கசிவாகவும் அது இருக்கலாம். ஆகவே வயிற்றைத் தொட்டுப் பார்த்து மருத்துவர் அளவு சொல்லட்டும். மலம் இளகிய பிறகும் குறைந்தது இரண்டு மாதம் தொடர்ந்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும். நான்கு நாளில் நிறுத்தினால் பழைய கதைதான்.

இந்தியன் டாய்லெட்டில் குந்தவைப்பதைச் சில மாதம் தள்ளிவையுங்கள். சாப்பிட்டு முடித்த பத்து இருபது நிமிடத்தில், பாதம் பலகையில் நன்றாகப் பதியும்படி சின்ன இருக்கையில் ஐந்து நிமிடம் மட்டும் உட்காரட்டும். வரவில்லை என்றால் எழுப்பிவிடுங்கள். பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைக்கும் பழக்கம் கூடவே கூடாது. அந்தச் சவ்வு ஏற்கெனவே வீங்கிப் புண்ணாகும் நிலையில் இருக்கிறது. பூச்சித் தொல்லையும் இதற்கு ஒரு காரணம் என்பதால், அங்கன்வாடியில் தரும் பூச்சி மாத்திரை கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தானே உள்ளே போகாத நாளில் பதற்றப்படாதீர்கள். குழந்தையை மடியில் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்குங்கள். கையுறை போட்டு, வழவழப்பான ஜெல்லி தடவிய ஈரத் துணியால் நுனியின் நடுப்பகுதியை மெதுவாக, விடாமல் சில நிமிடம் அழுத்துங்கள். கடைசியாக வெளியே வந்த பகுதி முதலில் உள்ளே போக வேண்டும். அவன் வீறிட்டு அழும்போது தள்ளினால் போகாது, சமாதானப்படுத்திவிட்டுத் தொடருங்கள். கால் மணி நேரத்தில் போகாவிட்டாலோ, நிறம் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறினாலோ, வாந்தியும் விட்டுவிட்டு வயிற்றுவலியும் சேர்ந்தாலோ எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடத்துக்கு உடனே கொண்டு போங்கள். குடல் குடலுக்குள் செருகி வெளியே வருவதும் பார்வைக்கு இப்படியே இருக்கும், அது அவசர நிலை.

ஒழுங்காக மருந்து கொடுத்தும் ஒரு வருடத்துக்கு மேல் நீடித்தால், அடிக்கடி கையால் தள்ள வேண்டியிருந்தால், வலியோ ரத்தமோ இருந்தால், அல்லது 4 வயதைத் தாண்டியும் தொடர்ந்தால் குழந்தைகள் அறுவை நிபுணரிடம் காட்ட வேண்டும். அப்போதும் பெரும்பாலும் முதலில் ஊசி மருந்து போட்டுச் சவ்வைச் சுவரோடு ஒட்டவைப்பார்கள்.

மாமியாரின் கதை வேறு. அவருக்கு இடுப்புத் தளத் தசைகளே தளர்ந்திருக்கும், அது தானாக இறுகாது. மூலத்துக்கான களிம்பு இதைக் குணமாக்காது. அவரிடம் கூச்சமில்லாமல் ஒன்று கேளுங்கள்: புடவையில் மலமோ சளியோ கசிகிறதா? கசிந்தால், அடிக்கடி வெளியே வந்து வந்து ஆசனவாயை மூடும் தசை விரிந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். தள்ளிப்போடத் தள்ளிப்போட அந்தத் தசை மீள்வது கடினம். அரசு பொது மருத்துவமனையின் இரைப்பை குடல் அறுவைப் பிரிவில் காட்டலாம். முக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், கட்டி எதுவும் இல்லை என்று அறியப் பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் செய்வார்கள். உடல் தாங்குமானால் லேப்ராஸ்கோப்பியில் மலக்குடலை இழுத்து முதுகெலும்பின் அடிப்பகுதியோடு பொருத்துவது நல்லது. இதயமோ நுரையீரலோ பலவீனம் என்றால் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டு, ஆசனவாய் வழியாகவே செய்யும் அறுவை உண்டு. அதில் திரும்ப இறங்கும் வாய்ப்பு கூடுதல். எந்த வழியாக இருந்தாலும் கசிவு குறையப் பல மாதம் ஆகும், சிலருக்கு முழுதாக நிற்காது. இதை அறுவைக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.