விண்டோஸுக்குத் தெரிகிறது, கேமுக்குத் தெரியவில்லை: கேம்பேட் கேள்வி பதில்

திருகோணமலை டவுனில் கணினி திருத்தும் வேலை எனக்கு. பள்ளி விடுமுறை தொடங்கினால் கடைக்கு வருவதில் பாதிப்பேர் கேம்பேடோடுதான் வருகிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல், வந்த கேள்விகளைக் கேட்டவரின் ஊர்ப் பெயரோடு இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

லிங்கநகர்: அண்ணா, என்னட்ட இருக்கிறது பெயரில்லாத யூஎஸ்பி கேம்பேட். விண்டோஸில சோதிச்சா எல்லா பட்டனும் வேலை செய்யுது. கார் ஓட்டுற கேமுக்குள்ள போனா ஒண்டுமே இல்லை. பழுதா?

பழுதில்லை தம்பி. விண்டோஸில் கேம்பேடும் கேமும் கதைத்துக்கொள்ள இரண்டு வழி இருக்கிறது. பழையது டைரக்ட்இன்புட். அதில் கேம்பேட் "எனக்குப் பன்னிரண்டு பட்டன், நாலு அச்சு" என்று மட்டும்தான் சொல்லும். ஸ்டிக் பக்கவாட்டில் அசைவது ஒரு அச்சு, மேல்கீழாக அசைவது இன்னொன்று. எது முடுக்கி, எது பிரேக் என்று கேம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடோடு எக்ஸ்இன்புட் வந்தது. அதில் எல்லாம் முன்பே முடிவானது: A கீழே, B வலப்பக்கம், பின்னால் இரண்டு ட்ரிகர். கேம் எழுதுகிறவர்களுக்கு இது லேசு என்பதால் பல கேம்கள் இதை மட்டுமே தேடுகின்றன. உங்கள் கேம்பேட் பழைய மொழியில் கதைக்கிறது, கேமுக்கு அது காதில் விழவில்லை.

மென்பொருளைத் தேடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். கேம்பேடில் MODE, HOME, ANALOG என்று ஏதாவது ஒரு பட்டன் இருந்தால் அதை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள். சில கேம்பேடுகளுக்கு இரண்டு மொழியும் தெரியும், அந்த அழுத்தலில் மாறிவிடும். லாஜிடெக் F310இல் இதற்கென்றே பின்பக்கம் X, D என்று ஒரு சுவிட்ச் உண்டு. மாறியதா என்று பார்க்க, விண்டோஸ் பட்டனோடு R அழுத்தி இதை அடியுங்கள்:

```
joy.cpl
```

பட்டியலில் பெயர் `Controller (XBOX 360 For Windows)` என்று மாறியிருந்தால் வேலை முடிந்தது, கீழே படிக்கவே தேவையில்லை.

லிங்கநகர், மறுநாள்: பிடிச்சுப் பார்த்தன். சிவப்பு லைட் எரியுது, பெயர் மாறேல்ல. இனி என்ன?

அப்படியென்றால் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டியதுதான். நான் பாவிப்பது x360ce-யின் நாலாம் பதிப்பு. அது உங்கள் கேம்பேடை வாசித்து, ஒரு பொய் எக்ஸ்பாக்ஸ் 360 கேம்பேடை விண்டோஸுக்குக் காட்டும். அந்தப் பொய்க் கேம்பேடை உண்டாக்குவது ViGEmBus என்ற டிரைவர். அதன் வளர்ச்சி 2023இல் நிறுத்தப்பட்டுவிட்டது, ஆனாலும் கடைசிப் பதிப்பு இன்னும் ஒழுங்காகவே ஓடுகிறது. முதல் முறை திறக்கும்போதே x360ce அந்த டிரைவரைப் போடச் சொல்லும், போடுங்கள்.

பிறகு `Controller 1` தாவலில் உங்கள் கேம்பேடைச் சேர்த்து, இயக்கும் பெட்டியில் சரி போடுங்கள். இப்போது படத்திலுள்ள ஒவ்வொரு இடத்துக்கும் உங்கள் பட்டனைப் பொருத்த வேண்டும். தானாகப் பொருத்து என்று விட்டால் பெயரில்லாத கேம்பேடுகளில் அநேகமாகப் பிழையாகிவிடும். ஒரு கடதாசியை எடுத்து joy.cpl-யின் சோதனைப் பக்கத்தில் ஒவ்வொன்றாக அழுத்தி எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கடையில் நான் வைத்திருக்கும் கேம்பேடில் மேல் பட்டன் 1, வலம் 2, கீழ் 3, இடம் 4. ஆகவே A-க்கு 3, B-க்கு 2, X-க்கு 4, Y-க்கு 1. வலது ஸ்டிக் பக்கவாட்டில் Z அச்சையும் மேல்கீழாக Rz அச்சையும் அசைக்கிறது. உங்களுடையது வேறாக இருக்கலாம், அதனால்தான் கடதாசி.

சேமித்துவிட்டு, x360ce-ஐ மூடாமல் சிறிதாக்கி வைத்து, அதற்குப் பிறகே கேமைத் திறவுங்கள். திறக்கும் நேரத்தில் மட்டும் கேம்பேடைத் தேடுகிற கேம்கள் நிறைய. முதலில் கேம், பிறகு x360ce என்று போனால் எல்லாம் சரியாகச் செய்தும் ஒன்றும் வராது.

மூதூர்: இதுக்கு இவ்வளவு தலைவலி ஏன்? ஜாய்டூகீ போட்டா கேம்பேட் பட்டன் கீபோர்ட் பட்டனா மாறும். எந்தக் கேமும் ஓடும். நான் ஐஞ்சு வருசமா அதுதான்.

பாதி சரி. கேம்பேட் ஆதரவே இல்லாத கேம் என்றால் ஜாய்டூகீதான் வழி, x360ce அங்கே உதவாது. குதித்து ஓடும் கேம், சண்டைக் கேம் என்றால் வித்தியாசமும் தெரியாது. ஆனால் கீபோர்ட் பட்டனுக்கு அழுத்தினது, விட்டது என்று இரண்டு நிலைதான். ஸ்டிக்கைக் கொஞ்சமாய்ச் சாய்த்தாலும் முழுதாய்ச் சாய்த்தாலும் ஒன்றே. கார் கேமில் வளைவுக்கு வளைவு மதிலில் மோதுவீர்கள். நிர்வாகி உரிமையோடு ஓடும் கேம் என்றால் ஜாய்டூகீயையும் அப்படித்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தல் உள்ளே போகாது.

மூதூர்: மதிலில மோதுறது என்ட ஓட்டத்தால, ஜாய்டூகீயால இல்லை.

அதையும் மறுக்கவில்லை.

நிலாவெளி: எனக்கும் இதே பிரச்சினைதான் அண்ணை. செருகினவுடன "யூஎஸ்பி சாதனம் அடையாளம் தெரியவில்லை" எண்டு விண்டோஸே சொல்லுது. x360ce போட்டும் பட்டியல் வெறுமையா இருக்கு.

இது வேறு பிரச்சினை. மேலே உள்ளவருக்கு விண்டோஸ் கண்டுபிடித்தது, கேம்தான் கண்டுபிடிக்கவில்லை. உங்களுக்கு விண்டோஸே கண்டுபிடிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு முதலில் யாராவது பேச வேண்டுமே. டிவைஸ் மேனேஜரில் இப்படி வந்தால் கோளாறு கம்பியிலோ போர்ட்டிலோ கேம்பேடின் உள்ளேயோதான்:

```
Unknown USB Device (Device Descriptor Request Failed)
```

யூஎஸ்பி முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடலோர வீடுகளிலிருந்து வருபவற்றில் உள்ளே இருக்கும் நாலு செப்புக் கோடுகளில் பச்சையாகப் பூத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஐசோபுரோப்பைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, கணினியின் பின்பக்க போர்ட்டில் செருகுங்கள். அதற்கும் வராவிட்டால் கம்பி கேம்பேடுக்குள் நுழையும் இடத்தில் அறுந்திருக்கும். கொண்டு வாருங்கள், பார்க்கலாம்.

உப்புவெளி: மகனுக்கு நீங்க சொன்னபடி செய்து குடுத்தன். வேலை செய்யுது, ஆனா மெனுவில ஒருக்கா அழுத்தினா இரண்டு தரம் இறங்குது. சில நேரம் தெரிவு செய்ததும் திரும்பிப் போகுது.

அக்கா, அந்தக் கேமுக்கு இரண்டு மொழியும் தெரியும். உண்மைக் கேம்பேடும் பொய்க் கேம்பேடும் இரண்டும் அதன் கண்ணில் படுகின்றன. ஒரே விரலை இரண்டு பேர் போய்ச் சொல்கிறார்கள். திரும்பிப் போவதும் அதனால்தான்: பொய்க் கேம்பேடில் A ஆக இருக்கும் பட்டன், உண்மையானதில் 3ஆம் பட்டன், அந்தக் கேமுக்கு 3 என்றால் "பின்னுக்கு" ஆக இருக்கலாம்.

உண்மையானதைக் கேமிடமிருந்து மறைக்க வேண்டும். HidHide என்ற சிறு மென்பொருள் அதற்குத்தான். போட்டு, கணினியை ஒருமுறை நிறுத்தித் திறவுங்கள். அதன் முதல் தாவலில் x360ce.exe கோப்பைச் சேருங்கள். பார்க்க அனுமதி உள்ளவர்களின் பட்டியல் அது. அடுத்த தாவலில் உங்கள் கேம்பேடுக்குச் சரி போட்டு, கீழே மறைப்பை இயக்குங்கள். கேம்பேடைக் கழற்றித் திரும்பச் செருகுங்கள். முதல் படியை மறந்தால் x360ce-க்கும் கண் தெரியாது, எல்லாம் செத்துப்போன மாதிரி இருக்கும். நானே ஒரு பின்நேரம் முழுக்க அப்படி நின்று, நல்ல கேம்பேடைத் திருகாணி கழற்றிப் பார்த்தவன்.

இன்னொன்று: கேம் ஸ்டீமில் இருந்தால், ஸ்டீமும் இதே மொழிபெயர்ப்பைச் செய்யும். அதன் கண்ட்ரோலர் அமைப்பு இயங்கினால் x360ce-ஐ நிறுத்துங்கள். ஒருவர் போதும். உண்மையில் ஸ்டீம் கேம் மட்டும் விளையாடுகிறவருக்கு நான் x360ce-ஐச் சொல்வதே இல்லை.

லிங்கநகர்: அண்ணா கார் ஓடுது! ஆனா R2 தொட்டாலே முழு வேகம். மெதுவா அழுத்தினாலும் அப்பிடித்தான்.

joy.cpl-இல் R2-ஐ அழுத்தினால் எண்தானே எரிகிறது, அச்சு அசையவில்லையே? உங்கள் கேம்பேடில் அது வெறும் சுவிட்ச். எக்ஸ்பாக்ஸ் ட்ரிகர் 0 முதல் 255 வரை அனுப்பும், உங்களுடையது 0 அல்லது 255. இல்லாத நடுவை எந்த மென்பொருளும் உண்டாக்காது.

ஆனால் வலது ஸ்டிக் சும்மாதானே இருக்கிறது. வலது ட்ரிகருக்கு Rz அச்சின் பாதியைப் பொருத்துங்கள், இடது ட்ரிகருக்கு மற்றப் பாதியை. x360ce-யின் மெனுவில் பாதி அச்சு, தலைகீழ்ப் பாதி அச்சு என்று இரண்டும் உண்டு. ஒன்று மேலே தள்ளினால் முடுக்கி, மற்றது கீழே இழுத்தால் பிரேக். மாறி வந்தால் இரண்டையும் மாற்றிப் போடுங்கள். முழு அச்சைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் ஸ்டிக்கைத் தொடாதபோதே ட்ரிகர் பாதியில், 128 அளவில் நிற்கும், கார் பச்சை விளக்குக்கு முன்பே ஊர்ந்து போகும். அதுதான் அடையாளம். கமராவைத் திருப்ப ஸ்டிக் இருக்காது, அது இதற்கான விலை.

கிண்ணியா: ஒவ்வொரு நாளும் கழற்றிச் செருகினா பொருத்தினது எல்லாம் குழம்புது. இடது ஸ்டிக் செத்திடும், வலது ஸ்டிக் A, B மாதிரி அடிக்குது.

நடுவில் உள்ள ANALOG லைட் அணைந்திருக்கும். அந்த வகைக் கேம்பேடுகள் செருகும்போது லைட் அணைந்தே எழும்பும், அப்போது வலது ஸ்டிக் நாலு பட்டன்களாக நடிக்கும். நீங்கள் பொருத்தியது லைட் எரியும்போது. அதை அழுத்தி எரியவிட்டுப் பிறகு கேமைத் திறவுங்கள், எதையும் திரும்பப் பொருத்தத் தேவையில்லை.

ஓர்ஸ்ஹில்: ஒன்லைன் கேமில் இதைப் போட்டால் தடை விழுமா?

ஏமாற்றுத் தடுப்பு உள்ள கேம் என்றால் நான் போடமாட்டேன். பழைய x360ce மூன்றாம் பதிப்பு xinput1_3.dll போன்ற கோப்பைக் கேமின் கோப்புறைக்குள்ளேயே வைக்கும், அந்தக் காவலர்களுக்கு அது கள்ளன் மாதிரித்தான் தெரியும். நாலாம் பதிப்பு கேமைத் தொடாது, ஆனால் கேமுக்குக் கேம் விதி வேறு. கணக்கு உங்களுடையது, ஆபத்தும்தான்.

உப்புவெளி: இப்ப மெனு சரி தம்பி. ஆனா தங்கச்சிக்கும் அதே மாதிரி இன்னொண்டு வாங்கினம். ஒருநாள் அவ முதலாவது ஆள், ஒருநாள் இவன். வீட்டில சண்டை.

ஒரே மாதிரி இரண்டு கேம்பேடில் தனி அடையாள எண் இல்லாவிட்டால் விண்டோஸ் அவற்றைச் செருகிய போர்ட்டை வைத்துத்தான் பிரித்தறியும். போர்ட்டுக்கு அருகே பெயர் எழுதி ஒட்டி, எப்போதும் அதே இடத்தில் செருகச் சொல்லுங்கள். சேனையூரிலிருந்து வந்த ஒருவருக்கு அது போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு அப்படிச் செய்தும் மாறிக்கொண்டே இருந்தது, ஏன் என்று இன்னும் பிடிபடவில்லை. யாருக்காவது அது நின்றிருந்தால் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.