ஆய்வு வினாவைச் சுருக்குதல்: முல்லைப்பாட்டை வைத்து

“‘சங்க இலக்கியத்தில் இயற்கை’ என்று தலைப்பு வைத்திருக்கிறேன். பருவக் கட்டுரைக்கு இதிலிருந்து ஆய்வு வினா எப்படி எடுப்பது?”

ஒரே பாட்டை எடுத்து, அதில் உறுத்தும் ஒன்றைக் கேளுங்கள். முல்லைப்பாட்டின் 103 அடிகளுக்கும் தலைவியின் காத்திருப்பே பொருள் என்றாலும், பாதியளவு பாசறையைத்தான் பேசுகிறது. அங்கே அவள் காத்திருக்கும் அரசனும் புண்பட்ட யானைகளை எண்ணித் தூங்காதிருக்கிறான். ‘அரசனின் உறக்கமின்மை தலைவியின் காத்திருப்பை எவ்வாறு மாற்றிக் காட்டுகிறது?’ என்பது வினாவாகும்.

‘இயற்கை’யை யாரும் மறுக்க முடியாது என்பதே உங்கள் தேக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம், எழுதினால் பூக்களின் பட்டியல்தான் மிஞ்சும்.

எதிர்விடையையும் எழுதி, அதற்கு அடிகள் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். இங்கே கிடைக்கின்றன: போர் விருப்பத்தாலும் அவன் கண்துஞ்சவில்லை என்று பாட்டே சொல்கிறது.

இந்த ஒரு பாட்டின் முடிவை முல்லைத்திணை முழுவதற்கும் நீட்டிவிடாதீர்கள்.